முதல் வாரத்திலேயே பொது ஃபோல்டரை அழித்துவிட்டாள்: அந்தக் கதையை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் பயன்படுத்தும் ஃபோல்டரை ஒரு இளம் புரோகிராமர் அழித்துவிடுகிறாள். இதை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கணினித் துறை பழக்கமில்லை. உண்மையில் இது எப்படி நடக்கும், அழிந்தது திரும்ப வருமா? விஷயம் தெரிந்தவர்கள் படித்துச் சிரிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பதில்:

`rm -rf /` என்று அவள் அடித்து மொத்த சர்வரும் போய்விடுகிற மாதிரி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் ஃபைல்களை அழிக்கும் rm அந்தக் கட்டளையைச் சாதாரணமாக ஏற்காது, இது ஆபத்து என்று சொல்லி நின்றுவிடும். அதைவிடப் பெரிய குறை, எந்தப் புதுப் பெண்ணும் காரணமில்லாமல் அதை அடிக்க மாட்டாள். இப்படி அழிக்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்த நேரத்தில் வேறு ஏதோ சின்ன வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருப்பார்கள். தன்னுடைய குப்பையைத்தான் கூட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

எனவே அழிப்பதற்கான காரணத்தை முதலில் கட்டுங்கள். எனக்குப் பிடித்த ஒரு வழியைச் சொல்கிறேன், அடிக்கடி நடக்கக்கூடியதும் அதுதான்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரம் முழுக்க ஒரே வேலைதான் இருக்கும்: தன் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, ஓட வைப்பது. அதற்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன நிரல் இருக்கும், கூடவே எப்போதோ எழுதிய ஒரு வழிகாட்டிக் குறிப்பு. அந்த ஸ்கிரிப்ட் அவளுடைய ஹோம் ஃபோல்டருக்குள் `sandbox` என்று ஒரு சோதனைக் கூடம் போட்டு, அதற்குள்ளேயே `shared` என்ற இடத்தில் குழுவின் பொது ஃபோல்டரை மவுண்ட் செய்கிறது. மவுண்ட் என்றால், வேறு ஒரு சர்வரில் இருக்கும் ஃபோல்டர் இவள் கணினியிலேயே இருப்பதுபோலத் தெரியும்படி இணைப்பது. பார்ப்பதற்கு அது சாதாரண ஃபோல்டர்தான். உள்ளே போனால்தான் அது ஊருக்கே பொதுவான கிணறு. நகல் எதுவும் கிடையாது, இவள் அங்கே அழித்தால் எல்லாருக்கும் அழியும்.

ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது. ஏதோ ஒரு மென்பொருள் தொகுப்பு இறங்கவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே மவுண்ட் ஆகிவிட்டது. கழற்றுவதற்கென்று இன்னொரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, அது முறையாக முதலில் `umount` செய்து, அதாவது அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் அழிக்கும். ஆனால் கூடம் முழுதாகக் கட்டப்படவில்லை என்று சொல்லி அது ஓட மறுக்கிறது. அவள் மூத்தவர் ஒருவரிடம் சாட்டில் கேட்கிறாள். அவர் மீட்டிங்கில் இருக்கிறார். "அந்த sandbox ஃபோல்டரை அழிச்சிட்டு முதல்ல இருந்து ஓட்டிப் பாருங்க" என்று ஒரே வரியில் பதில் போடுகிறார். அவர் நினைவில் இருப்பது கழற்றும் ஸ்கிரிப்ட். அவள் கையில் இருப்பது இது:

```
rm -rf sandbox
```

பாருங்கள், இதில் எழுத்துப் பிழை கிடையாது, கவனக்குறைவும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். rm எதையும் கேட்காமல் `sandbox`-க்குள் இறங்கி, அப்படியே `shared`-க்குள்ளும் போய்விடும். `--one-file-system` என்று ஒரு தெரிவு உண்டு, அதைப் போட்டிருந்தால் வேறு சர்வரிலிருந்து மவுண்ட் ஆன ஃபோல்டரைத் தொடாமல் தாண்டியிருக்கும். ஆனால் அதைப் பழக்கமாகப் போடுகிறவர்கள் மிகக் குறைவு.

அடுத்து உங்களுக்கு வரவேண்டிய சந்தேகம், நேற்று வந்த பெண்ணுக்கு மற்றவர்களின் ஃபைலை அழிக்க அனுமதி எப்படி வந்தது என்பது. நியாயமான கேள்வி, ஆனால் பதில் எளிது. லினக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் மேல் எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால் போதும். படிக்க மட்டும் என்று பூட்டி வைத்த ஃபைலும் அப்படிப் போய்விடும். குழுவில் இருக்கிற எல்லாரும் பொது ஃபோல்டரில் எழுதலாம் என்பதற்காகத்தான் அந்த ஃபோல்டரே இருக்கிறது. அதனால் அவளைக் குழுவில் சேர்த்த நாளிலேயே, யாரும் யோசிக்காமல், மொத்தத்தையும் அழிக்கும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

இதிலிருந்தே உங்கள் கதைக்கு ஒரு நல்ல துணைப் பாத்திரம் கிடைக்கும். குழுவில் ஒருவர் இருக்கிறார், அவர் உருவாக்கும் துணை ஃபோல்டர்களில் மட்டும் மற்றவர்கள் எழுத முடியாது. அவர் கணினியில் `umask` 022 என்று இருக்கிறது, மற்றவர்களுக்கெல்லாம் 002. இந்த எண்தான் புதிதாக உருவாகும் ஃபோல்டரில் குழுவுக்கு எழுதும் அனுமதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது. "உங்க ஃபோல்டர்ல எதையும் வைக்க முடியல, கொஞ்சம் மாத்துங்க" என்று எல்லாரும் அவரிடம் பல முறை சொல்லியாகிவிட்டது. அவர் மாற்றவில்லை. சோம்பல்தான், கொள்கை ஒன்றும் இல்லை.

இப்போது எண்டர் தட்டிய பிறகு என்ன ஆகும் என்று பார்ப்போம். திரைப்படத்தில் காட்டுவதுபோல ஃபைல் பெயர்கள் ஓடாது, சிவப்பு எழுத்து வராது. ஒன்றுமே வராது. கர்சர் மட்டும் நிற்கும். பொது ஃபோல்டரில் 1,80,000 ஃபைல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 400 ஜிபி. சர்வர் வலையமைப்பின் மறுபக்கம் இருப்பதால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு தனி வேண்டுகோள் போய் வரவேண்டும், அதற்கு ஒரு மில்லிசெகண்ட் என்றாலும் 180 நொடி, அதாவது மூன்று நிமிடம். ஜிபி கணக்கு இங்கே பெரிதில்லை, பெரிய ஃபைலும் சின்ன ஃபைலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் காணாமல் போகும். எண்ணிக்கைதான் நேரத்தைத் தீர்மானிக்கும்.

இந்த மூன்று நிமிடம் கதை எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய சொத்து. அவளுடைய கூடத்தில் சில ஆயிரம் ஃபைல்கள்தான் இருக்கவேண்டும், அது ஒரு நொடி வேலை. பத்து நொடி ஆகிறது, முப்பது ஆகிறது. மெதுவான கணினி கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். புதியவள் என்பதால் எது இயல்பான தாமதம், எது ஆபத்தான தாமதம் என்று அவளுக்குத் தெரியாது. அனுபவம் உள்ளவர் ஐந்தாவது நொடியிலேயே முகம் மாறியிருப்பார்.

ஒன்றரை நிமிடம் போனதும் rm அந்தப் பிடிவாதக்காரரின் ஃபோல்டருக்குள் நுழைகிறது. அங்கே அழிக்க அனுமதி இல்லை. அப்போதுதான் திரையில் முதல் வரி வரும்:

```
rm: cannot remove 'sandbox/shared/billing-tests/jan.csv': Permission denied
rm: cannot remove 'sandbox/shared/billing-tests/feb.csv': Permission denied
```

வரிகள் கொட்டத் தொடங்குகின்றன. அவள் படிப்பது "Permission denied" என்பதை அல்ல, நடுவில் இருக்கும் `shared` என்ற சொல்லை. Ctrl+C அடிக்கிறாள். rm நின்றுவிடும். அதுவரை போனது போனதுதான், மீதி இருக்கும். rm அகர வரிசையில் போகாது, ஃபைல் சிஸ்டம் எந்த வரிசையில் கொடுக்கிறதோ அந்த வரிசையில்தான் போகும். அதனால் முதல் பாதி போய் இரண்டாம் பாதி இருக்கிறது என்று யாராலும் சுலபமாகச் சொல்ல முடியாது. ஒரு திட்டத்தின் ஃபோல்டர் முழுதாக இருக்கும், பக்கத்துத் திட்டத்தில் ஒன்றுமே இருக்காது, மூன்றாவதில் பாதிக் கோப்புகள் மட்டும் கிடக்கும். இதை அப்படியே எழுதுங்கள். வெறும் ஃபோல்டரைவிடப் பாதி காலியான ஃபோல்டர் பார்க்கிறவரை அதிகம் பயமுறுத்தும், ஏனென்றால் எதை நம்புவது என்று தெரியாது.

(அந்தப் பிடிவாதக்காரரின் ஃபோல்டர் இல்லாமல் எல்லாமே போயிருந்தால், கடைசியில் `Device or resource busy` என்று ஒரே ஒரு வரி வந்திருக்கும். மவுண்ட் ஆகியிருக்கும் இடத்தை மட்டும் rm-ஆல் எடுக்க முடியாது. அதைப் பார்த்து "ஏதோ பிஸியாம்" என்று அவள் மறுபடி அதே கட்டளையை ஓட்டுவதாக எழுதினால் அதுவும் நம்பும்படிதான் இருக்கும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.)

இந்த இடத்தில் அவள் டெர்மினலை மூட நினைப்பாள். மூட விடாதீர்கள், அல்லது மூடினால் அதற்கு விலை இருக்கட்டும். எந்தக் கட்டளை, எந்த ஃபோல்டரில் நின்று அடித்தது, எதுவரை போனது என்பதற்கு அந்தத் திரைதான் கையில் இருக்கும் நல்ல சாட்சி. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி வந்ததும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

சரி, திரும்ப வருமா? rm-க்குக் குப்பைத் தொட்டி கிடையாது. ஆனால் கொஞ்சம் ஒழுங்காக நடத்தப்படும் ஃபைல் சர்வரில் ஸ்னாப்ஷாட் இருக்கும். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ஒவ்வொரு மணி நேரமும் 400 ஜிபியை நகலெடுப்பதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ZFS போன்ற ஃபைல் சிஸ்டத்தில் மாற்றம் வந்தால் பழைய தகவலின் மேல் எழுதாமல் வேறு இடத்தில் எழுதும். ஸ்னாப்ஷாட் என்பது "இந்த நொடியில் எவையெல்லாம் இருந்தனவோ அவற்றை விட்டுவிடாதே" என்று ஒரு குறி மட்டும்தான். அதனால் எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. அவள் அழித்த பிறகும் டிஸ்கில் அந்த இடம் காலியாகாது. நிர்வாகி வந்து பார்க்கும்போது ஃபோல்டர் சுருங்கியிருக்கும், ஸ்னாப்ஷாட் பிடித்திருக்கும் இடம் அதே அளவு வீங்கியிருக்கும். அதைப் பார்த்ததுமே அவருக்கு மூச்சு வந்துவிடும், அவளுக்கு இன்னும் விஷயம் புரிந்திருக்காது.

அவர் எல்லாவற்றையும் பின்னோக்கி உருட்டிவிட மாட்டார். `zfs rollback` செய்தால், கடைசியாகப் பதினொரு மணிக்கு எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு யார் என்ன எழுதியிருந்தாலும், பிழைத்துக் கிடக்கும் பாதியில் உள்ளதும் சேர்த்து, போய்விடும். அதனால் இல்லாதவற்றை மட்டும் எடுத்து வைப்பார்:

```
rsync -a --ignore-existing /tank/shared/.zfs/snapshot/hourly-11/ /tank/shared/
```

`.zfs` என்ற ஃபோல்டர் சாதாரணமாகப் பட்டியலில்கூடத் தெரியாது, பெயரைச் சொல்லிப் போனால்தான் திறக்கும். போனது 220 ஜிபி என்று வைத்தால், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 37 நிமிடம். சின்ன ஃபைல்கள் நிறைய இருப்பதால் ஒரு மணி நேரம் என்று எழுதுங்கள். ஒரு மணிக்கு மேல் எல்லாரும் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஒரு சின்ன வேடிக்கையும் நடக்கும்: பதினொரு மணிக்கு மேல் யாராவது வேண்டுமென்றே அழித்த பழைய ஃபைல்களும் இதோடு சேர்ந்து திரும்பி வந்து நிற்கும்.

"எல்லாம் வந்துவிட்டது என்றால் கதை எங்கே" என்று கேட்பீர்கள். கதை அந்த நாற்பது நிமிடத்தில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் 11:00 மணிக்கு. அவள் எண்டர் தட்டியது 11:40-க்கு. அந்த இடைவெளியில் ஃபோல்டரில் எழுதப்பட்டது எதுவும் எந்த ஸ்னாப்ஷாட்டிலும் இல்லை. அந்த நேரத்தில் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது யார் என்று முடிவு செய்யுங்கள், மொத்தக் கதையும் அவரைச் சுற்றி வரும்.

நான் எழுதினால் அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒருவரை வைப்பேன். அவர் காலையிலிருந்து vim எடிட்டரில் ஒரு நீளமான சோதனைத் தரவுக் கோப்பைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறார். அந்தக் கோப்பு கிட்டில், அதாவது நிரல்களின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் Git மென்பொருளில் இல்லை. இது முக்கியம், நிரல் ஃபோல்டர் என்றால் கிட்டில் இருந்திருக்கும், ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றோடு ஒரு பிரதி இருக்கும், யாரும் அலற மாட்டார்கள். பொது ஃபோல்டரில் கிடப்பதெல்லாம் கிட்டில் போடாதவை: பெரிய தரவுகள், சோதனைக் கோப்புகள், வாடிக்கையாளர் அனுப்பியவை, "அப்புறம் ஒழுங்குபடுத்தலாம்" என்று வைத்தவை.

11:38-க்கு அவர் சேமித்திருக்கிறார். சர்வரில் அந்தக் கோப்பு இப்போது இல்லை. ஆனால் அவர் எடிட்டர் மூடப்படவில்லை, கோப்பின் முழு உள்ளடக்கமும் அவர் கணினியின் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு `E211` என்று தொடங்கி, கோப்பு இப்போது கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். சேமிக்கப் பார்த்தால் அது இருந்த ஃபோல்டரே இல்லாததால் `E212` என்று மறுக்கும். இந்த நேரத்தில் அவர் என்ன செய்வார்? சர்வர் கொஞ்சம் தகராறு செய்கிறது, மூடித் திறந்தால் சரியாகும் என்று நினைப்பார். எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். மூடிவிட்டால் நாற்பது நிமிட வேலை நிரந்தரமாகப் போச்சு. மூடாமல் வேறு இடத்தில் எழுதினால்,

```
:w ~/rescue.csv
```

அவ்வளவுதான், ஒரு எழுத்துகூட இழப்பில்லை.

எனவே அவள் எப்போது வாயைத் திறக்கிறாள் என்பதற்கு இங்கே ஒரு கறாரான அளவுகோல் கிடைத்துவிடுகிறது. ஸ்னாப்ஷாட் எங்கும் ஓடிவிடாது, அவள் மாலை வரை மறைத்தாலும் அது இருக்கும். அவர் எடிட்டர் அப்படி இல்லை. 11:42-க்குச் சொன்னால் அவர் வேலை பிழைக்கும். தனக்குத் தெரிந்த வழிகளில் மீட்டுப் பார்த்துவிட்டு 11:55-க்குச் சொன்னால் அவர் எடிட்டரை மூடியிருப்பார். அவளுக்கோ இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. எல்லாமே போய்விட்டது, இனி சீக்கிரம் சொல்வதற்கும் தாமதமாகச் சொல்வதற்கும் வித்தியாசமில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும். படிப்பவருக்கு மட்டும் தெரியவேண்டும், இரண்டு இருக்கை தள்ளி ஒருவர் கை விசைப்பலகையில், சேமிக்காமல் மூடும் `:q!` கட்டளையை அடிக்கப் போகிறது என்று. இதைவிட நல்ல பதற்றம் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

திட்டுவாங்கும் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. மேலாளர் கத்தி, அங்கேயே வேலையை விட்டுத் தூக்குகிற காட்சி வேண்டாம் என்பேன். நடக்காது என்று சொல்லவில்லை, ஆனால் அது சப்பென்று இருக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் மாற்று சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். வழக்கமான பேக்கப்கள் எதுவும் கைகொடுக்கவில்லை, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நிறுவனம் அவர் பெயரைப் பரப்பவில்லை. மீட்பு வேலையையே நேரலையில் காட்டி, என்ன நடந்தது என்று முழு அறிக்கையும் வெளியிட்டது. இத்தனைக்கும் அவர் புதியவர் இல்லை.

உங்கள் கதையில் சங்கடப்பட வேண்டிய ஆள் அந்த ஒரு வரிப் பதில் போட்டவர். மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து சாட்டைத் திறந்து தன் வரியைத் தானே படிக்கும் இடத்தில் அவரைக் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். அவர் அதை அழிக்கலாம், "நான் ஸ்கிரிப்டைத்தான் சொன்னேன்" என்று கூடுதலாக ஒரு வரி சேர்க்கலாம், எதுவும் செய்யாமல் இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு கதை.

கடைசியாகத் திருத்தம். மறுநாள் எல்லாரும் கூடி முதலில் தேடுவது, அடுத்த முறை வேறொரு புதியவர் இதையே அடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான். உணர்ச்சிவசப்பட்டு "இனிமேல் எல்லாரும் கவனமாக இருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள், அது ஒரு வாரம் தாங்கும். உண்மையான திருத்தம் நிறுவும் ஸ்கிரிப்டில் ஒரே இடத்தில், மவுண்ட் செய்யும் வரியில் `ro` என்று இரண்டு எழுத்து. சோதனைக் கூடத்துக்குப் பொது ஃபோல்டரைப் படிக்க மட்டும் முடிந்தால் போதும், எழுதத் தேவையே இல்லை. அப்புறம் யார் rm அடித்தாலும் `Read-only file system` என்று வரிகள் வருமே தவிர ஒரு கோப்பும் போகாது. அந்த மாற்றத்தை அவளையே செய்யச் சொல்லலாம், அவள் அந்த வேலையில் செய்யும் முதல் நிரல் மாற்றமாக அது இருக்கட்டும். அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவராக மட்டும் அந்த ஒரு வரிக்காரரைப் போடாதீர்கள், ரொம்பத் திட்டமிட்ட மாதிரி ஆகிவிடும். umask ஆசாமியைப் போடுங்கள். அவர் இன்னும் 022-ஐ மாற்றியிருக்க மாட்டார், இப்போது யாரும் அவரிடம் கேட்கவும் மாட்டார்கள்.